ஒரே மாதத்தில் ஈன்ற ஐந்து கறவை மாடுகள்: ஒரு சிறு பால் பண்ணையின் இரண்டு வருடம்

இது ஒரு குடும்பம் ஐந்து மாடு வாங்கி ஆரம்பித்த பால் பண்ணை பற்றிய பதிவு. யார், எந்த ஊர் என்பது தேவையில்லை. ஏழாவது மாதம் கணக்குப் பார்த்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், அதிலிருந்து கூடவே இருந்து பார்த்தேன். அதற்கு முந்தைய மாதங்களை அவர்களுடைய பால் நோட்டு, தீவன ரசீது, சுவர்க் காலண்டர் மூன்றையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பணத்தொகை எதையும் சொல்லப் போவதில்லை. இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் அது மாறும், படித்தவர் ஏமாந்துபோவார். அதனால் அவர்கள் விற்ற ஒரு லிட்டர் பாலின் விலையையே அலகாக வைத்து எல்லாவற்றையும் லிட்டரில் சொல்கிறேன். உங்கள் பால் விலையையும் தீவன விலையையும் போட்டு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னணி

கணவன், மனைவி, கணவரின் தாயாரான பாட்டி, ஒரு பேத்தி. கணவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், வீட்டோடு இருந்து செய்யும் தொழில் வேண்டும் என்று பால் பண்ணையைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் வசதியோடு ஒரு ஏக்கர் இருந்தது, அதில் நேப்பியர் புல் போட்டார்கள். ஐந்து மாட்டுக்கு ஒரு ஏக்கர் புல் என்பது சரியான கணக்குதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழுவமும் நன்றாகவே கட்டியிருந்தார்கள், காற்றோட்டம், சரிவான தரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரியாக இருந்தன.

இருவரும் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்கும் போயிருந்தார்கள். மாட்டினங்கள், தொழுவ அளவு, தடுப்பூசி அட்டவணை, தீவனக் கலவை எல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். குறிப்பேடு அழகாக இருந்தது. ஆனால் அந்தப் பயிற்சி முழுக்க ஒரு மாடு சினைப் பருவத்துக்கு வந்து நிற்பதை இருவரும் கண்ணால் பார்க்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேலைக்கு வரும்.

மாடு ஒன்று சுமார் 1,800 லிட்டர் விலை. ஐந்துக்கும் 9,000. தொழுவம், புல் நறுக்கும் இயந்திரம், புல் நடவு, பால் கேன் எல்லாம் சேர்த்து 3,000. மொத்தம் 12,000 லிட்டர். இதில் கையிருப்பு 4,000, மீதி 8,000 கடன், நான்கு வருடத் தவணை. வட்டியோடு சேர்த்துத் தவணை நாளொன்றுக்குச் சராசரியாக 7 லிட்டர் வந்தது. கையிருப்பு 4,000-மும் முதலீட்டிலேயே போய்விட்டது, நடைமுறைச் செலவுக்கென்று தனியாக ஒன்றும் எடுத்துவைக்கவில்லை. "பால்தான் தினமும் வருமே, அதுவே ஓட்டிக்கொள்ளும்" என்று நினைத்திருக்கிறார்கள். நிறையப் பேர் நினைப்பதுதான்.

மாடுகள் ஐந்தும் ஜெர்சிக் கலப்பினம், இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து. ஐந்துமே ஈன்று மூன்று வாரத்துக்குள் இருந்தவை. வாங்கும்போது இதைத்தான் பெரிய பலமாகப் பார்த்தார்கள். முதல் நாளிலிருந்தே பால் வரும் அல்லவா?

திட்டத்தில் போட்ட கணக்கு

மாட்டுக்கு 12 லிட்டர், ஐந்து மாட்டுக்கு 60 லிட்டர். செலவு மாட்டுக்கு 6 லிட்டர், மொத்தம் 30. தவணை 7. மிச்சம் நாளுக்கு 23 லிட்டர். வீட்டுச் செலவு 12 லிட்டருக்குள் அடங்கும், மீதியைச் சேமிக்கலாம். கடன் விண்ணப்பத்தில் இருந்தது இவ்வளவுதான்.

செலவுக் கணக்கில் பெரிய தவறு இல்லை. அவர்களுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் முக்கால் லிட்டர் பால் விலைக்குக் கிடைத்தது. மாட்டுக்கு 6 கிலோ வைத்தால் நாலரை லிட்டர். வைக்கோல், தாது உப்பு, மருந்து, மின்சாரம் ஒன்றரை லிட்டர். ஆக ஆறு. சரிதான்.

தவறு வரவில் இருந்தது. ஈன்ற மாடு ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சப் பாலுக்கு வரும், அப்புறம் மாதாமாதம் எட்டு, பத்து சதவீதம் குறைந்துகொண்டே போகும். உச்சத்தில் ஒரு லிட்டருக்கு அந்த ஈத்து முழுக்க 200 லிட்டர் என்பது ஓரளவு ஒத்துவரும் கணக்கு. உச்சத்தில் 14 லிட்டர் தரும் மாடு கறவைக் காலமான 305 நாளில் சுமார் 2,800 லிட்டர் தரும். கறக்கும் நாட்களுக்குப் பார்த்தால் ஒன்பது லிட்டர் சொச்சம். அடுத்த ஈத்துக்கு முன் 60 நாள் பால் வற்றவிட வேண்டும், அந்த நாட்களையும் சேர்த்து வருடம் முழுக்கப் பரப்பினால் நாளுக்கு 7.7 லிட்டர்தான் நிற்கும். ஐந்து மாட்டுக்கு 38. பால் குறையும்போதும் வற்றும்போதும் தீவனமும் குறையும் என்பதால் செலவை 25 என்று வைக்கலாம். தவணை 7 போக மிச்சம் 6 லிட்டர்.

23 எங்கே, 6 எங்கே! அந்த ஆறு லிட்டரும் மாடு ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு கன்று ஈன்றால்தான். அதாவது ஈன்ற 85, 90 நாளுக்குள் மறுபடி சினை பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் சினைக்காலமே 280 நாள். இது தள்ளிப்போய் ஈற்று இடைவெளி 17 மாதம் ஆனால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தோம். கடைசிக் கட்டத்தில் நாலு லிட்டர் பாலோடு இழுத்துக்கொண்டே போகும், வறட்டு நாட்களும் கூடும். ஐந்து மாட்டுச் சராசரி 31 லிட்டருக்கு இறங்கும். தீவனமும் தவணையும் போனால் கையில் ஒன்றுமே நிற்காது.

விண்ணப்பத்தில் சினை என்ற சொல்லே இல்லை.

முதல் ஏழு மாதங்கள்

இரண்டாம் மாதம் ஐந்தும் சேர்ந்து 70 லிட்டர் கறந்தன. திட்டத்தைவிடப் பத்து லிட்டர் அதிகம். அந்த உற்சாகத்தில் மூன்றாம் மாதம் ஒரு கறவை இயந்திரம் வாங்கினார்கள், கிட்டத்தட்ட 1,200 லிட்டர் விலை. ஐந்து மாட்டைக் கையால் கறக்க இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு அது அவசியமே இல்லை. ஆனால் பணம் கையில் புரளும்போது சொன்னால் யார் கேட்பார்கள்.

நான்காம் மாதம் 58, ஐந்தில் 50. தீவனம் வாங்கும் பணம் இடிக்க ஆரம்பித்ததும் ஆறாம் மாதம் எல்லா மாட்டுக்கும் அடர்தீவனத்தை 6 கிலோவிலிருந்து 3 கிலோவாகக் குறைத்தார்கள். பால் தானாகக் குறைவது போக இதிலும் சேர்ந்து விழுந்தது. ஏழாம் மாதம் 34 லிட்டர், முதல் தவணை தவறியது. இன்னும் கடன் வாங்கி, புதிதாக ஈன்ற மாடு இரண்டு வாங்கிப் போட்டால் பழைய 60-க்குப் போய்விடலாம் என்பது கணவரின் யோசனை. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

தொழுவத்தில் பார்த்தது

"பால் குறையுது, தீவனம் சரியில்லையோ" என்பதுதான் அவர்கள் கேள்வி. எத்தனை சினை என்று கேட்டேன். இரண்டு என்றார்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்துக் கைவிட்டுப் பார்த்ததில் ஒன்றுதான் சினை. ஈன்று ஏழு மாதத்துக்கு மேல் ஆன மாடுகளில் நாலு காலி. ஐந்துமே ஒரே நேரத்தில் ஈன்றவை என்பதால் நாலுமே ஒரே நேரத்தில் வற்றப் போகின்றன. புதுக் கன்று எதுவும் அருகில் இல்லை.

நாலுக்கும் ஒரே காரணம் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

முதலில், சினை என்று நினைத்திருந்த மாடு. ஈன்ற அறுபதாம் நாள் சினை ஊசி போட்டிருக்கிறார்கள், அப்புறம் கத்தவில்லை, பருவ அறிகுறி எதுவும் கண்ணில் படவில்லை. சினை நின்றுவிட்டது என்று முடிவுகட்டி சினைப் பரிசோதனைக்குக் கூப்பிடவே இல்லை. ஊசி போட்ட இரண்டு மாதத்தில் ஒரு தரம் கைவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஐந்து மாதம் வீண். கர்ப்பப்பையில் சினை இல்லை, ஆனால் சினைப்பையில் பருவத்தை வரவிடாமல் தடுக்கும் மஞ்சள் திரள் கலையாமல் இருந்தது என்று மருத்துவர் சொன்னார். இந்த மாடுதான் நன்றாகக் கொழுத்துமிருந்தது. பால் ஆறு லிட்டருக்கு வந்த பிறகும் ஆறாம் மாத வெட்டு வரை ஆறு கிலோ தீவனம் தின்றுகொண்டிருந்தது அல்லவா.

அதற்கு நேர் எதிர், அதிகப் பால் தந்த மாடு. உச்சத்தில் 18 லிட்டர். ஒருநாள்கூடப் பருவத்துக்கு வந்ததாகக் காலண்டரில் இல்லை. இடுப்பெலும்பு துருத்தி, விலா எண்ணும்படி இருந்தது. இவர்கள் வீட்டில் ஒரே அளவுள்ள ஐந்து வாளி, ஐந்திலும் ஒரே அளவு தீவனம். யாருக்கும் ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று பாட்டி சொல்லி வைத்த பழக்கமாம். மனிதருக்குச் சரி. மாட்டுக்கு உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 18 லிட்டர் மாட்டுக்கு ஒன்பது கிலோவுக்குப் பக்கத்தில் வேண்டும். அதற்குக் கிடைத்தது ஆறு. ஈன்ற புதிதில் பால் உச்சத்துக்குப் போகும் வேகத்துக்குத் தீனி எடுக்கும் அளவு ஏறாது, எல்லா நல்ல மாடும் அப்போது தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும். மூன்றாம் மாதத்துக்குள் தீனி அதை ஈடுகட்டிவிட வேண்டும். ஈடுகட்டவில்லை என்றால் சினைப்பை வேலையை நிறுத்திவிடும். இந்த மாட்டுக்கு அதுதான் நடந்திருந்தது, பற்றாக்குறைக்கு ஆறாம் மாதத் தீவன வெட்டும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது மாட்டுக்கு நாலு ஊசி போட்டிருக்கிறார்கள், நிற்கவில்லை. காலண்டரில் ஊசித் தேதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்று எண்ணினேன்: 21, 43, 22. மாட்டின் பருவச் சுழற்சி 21 நாள், 18-லிருந்து 24 வரை போகலாம். 21-ம் 22-ம் மாடு ஒழுங்காகச் சுழல்கிறது, ஊசி பிடிக்கவில்லை என்று காட்டுகின்றன. 43 என்பது அநேகமாக நடுவில் ஒரு பருவம் யார் கண்ணிலும் படாமல் போனதைக் காட்டுகிறது. மாட்டில் கோளாறு இல்லை என்று இதிலேயே ஓரளவு தெரிந்துவிட்டது. விடியற்காலை கறக்கும்போது கத்துவதைப் பார்ப்பார்கள், பால் ஊற்றிவிட்டு வந்து பத்து மணிக்கு மேல் ஊசிக்காரருக்குப் போன் போவது, அவர் மறுநாள் காலை வருவது. பருவம் முந்தைய இரவே ஆரம்பித்திருக்கும். பருவம் ஆரம்பித்து 24-லிருந்து 30 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும், வெளிப்பட்டால் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு தயாராகவும் சில மணி நேரம் வேண்டும். மறுநாள் காலை என்றால் பெரும்பாலும் முட்டையின் நேரம் முடிந்திருக்கும்.

நாலாவது மாட்டுக்குப் புளித்த வாடையோடு வெள்ளையாக ஒழுக்கு இருந்தது. விற்றவரிடம் திரும்பக் கேட்டபோதுதான் கன்று போட்ட பிறகு நஞ்சுக்கொடி ஒன்றரை நாள் விழவில்லை என்று தெரிந்தது. வாங்கும்போது பாலைக் கறந்து பார்த்தவர்கள் வாலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. மாடுகள் இருபத்துநாலு மணி நேரமும் கட்டுத்தறியில். ஒரு மாடு பருவத்தில் இருக்கிறது என்பதற்கு உறுதியான அறிகுறி, இன்னொரு மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்பது. கட்டிப்போட்ட மாடு எப்படி ஏறும், எப்படி நிற்கும்? மிச்சம் இருப்பது கத்தல், ஒழுக்கு, அன்றைக்குப் பால் குறைவது. அதிலும் பாதிக்கு மேல் ராத்திரியில் நடக்கும்.

நான் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி ஒரு விஷயம் சொன்னார். "மாசத்துக்கு ஒரு தடவை அந்தக் கறுப்பு மாட்டுக்கு வாலுல ரத்தம் ஒட்டியிருக்கும், காயம்னு மஞ்சள் வெச்சுவிடுவேன்" என்றார். கறுப்பு மாடு என்பது அந்த நாலு ஊசி மாடு. மருமகள் உடனே, "அத்தை, இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்றார். அது காயம் இல்லை. பருவம் முடிந்து இரண்டு, மூன்று நாளில் சில மாடுகளுக்கு வரும் ரத்தக் கசிவு. அதைப் பார்த்தால் இந்தப் பருவம் தவறிவிட்டது என்று அர்த்தம், ஆனால் அடுத்த பருவம் சுமார் 18, 19 நாளில் வரும் என்றும் அர்த்தம். பண்ணையில் இருந்த மிகத் துல்லியமான பதிவு பாட்டியின் நினைவில்தான் இருந்தது, காலண்டரில் இல்லை.

எடுத்த முடிவுகள்

புது மாடு வாங்குவதை நிறுத்தியதுதான் முதல் முடிவு. கணவருக்கு இதில் விருப்பமில்லை, இரண்டு நாள் பேச்சு நடந்தது. இரண்டு மாடு வந்தால் மூன்று மாதம் பால் ஏறும், உண்மைதான். ஆனால் 3,600 லிட்டர் புதுக் கடன், கூடுதல் தீவனம், ஒரு ஏக்கர் புல் ஏழு மாட்டுக்குப் போதாது. எல்லாவற்றுக்கும் மேல், பருவம் பார்க்கத் தெரியாத தொழுவத்தில் அந்த இரண்டும் இன்னும் எட்டு மாதத்தில் இதே நிலைக்கு வரும்.

நஞ்சுக்கொடி தங்கிய மாட்டை விற்பது என்று தீர்மானித்தார்கள். மருத்துவர் சிகிச்சை ஆரம்பித்தார், ஆனால் தேறிச் சினை பிடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அதுவரை தீனி போடக் கையில் காசில்லை. நோயைச் சொல்லியே விற்றார்கள், 1,000 லிட்டர் கிடைத்தது. கறவை இயந்திரமும் போனது, பாதி விலைக்கு. இந்த இரண்டும்தான் அடுத்த மாதங்களின் தீவனப் பணம்.

வாளியை மாற்றினார்கள். மாடு வாரியாகப் பாலை அளந்து எழுதி, அதற்கேற்ப அடர்தீவனம். மெலிந்த மாட்டுக்குப் பாலுக்கு உரியதோடு உடம்பு தேற ஒரு கிலோ கூடுதலாக ஆறரைக் கிலோ, கொழுத்த மாட்டுக்கு இரண்டரை. ஒரு மாடு குறைந்திருந்ததால் மொத்தச் செலவில் பெரிய ஏற்றம் இல்லை.

பருவம் பார்க்கும் பொறுப்பு பாட்டிக்கு. காலையும் மாலையும் அரை மணி நேரம் மாடுகளை அவிழ்த்து வேலிக்குள் விடுவது, அந்த நேரம் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்து பார்ப்பது, ராத்திரி படுக்கப்போகும் முன் டார்ச் அடித்து ஒரு பார்வை. கண்ணாடி மாதிரி நீளமாகத் தொங்கும் ஒழுக்கு, ஏறுதல், ரத்தம் எதைப் பார்த்தாலும் மாட்டின் பெயரும் தேதியும் நோட்டில் ஏறும். பாட்டி சொல்ல, பேத்தி எழுதுவாள். காலையில் பருவம் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. ஊசிக்காரருக்குப் போன் பார்த்த உடனே, பால் ஊற்றிவிட்டு வந்து அல்ல. அவர் வர முடியாத நாளுக்கு இன்னொருவர் எண்ணும் வாங்கிவைத்தார்கள். ஊசி போட்டு 18-ம் நாளிலிருந்து மறுபடி கவனம், இரண்டு மாதத்தில் கட்டாயம் சினைப் பரிசோதனை.

கொழுத்த மாட்டுக்கு மருத்துவர் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டார். மஞ்சள் திரள் கலைந்து இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் பருவம் வரும். சினை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைப் போட வேண்டும், சினையாக இருந்தால் கலைந்துவிடும். சந்தேகத்தோடு யாரும் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

கடன் கொடுத்தவரிடம் போய் நாலு மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி வாங்கினார்கள். கையில் எடுத்துப்போனது மாடு வாரியான பால் தாளும், எந்த மாடு எப்போது ஈனும் என்ற பட்டியலும். தவணை தவறிய பின் தலைமறைவாக இருப்பதைவிட இது எளிதாக முடிந்தது.

அப்புறம் நடந்தது

கறுப்பு மாடு எட்டாம் மாதம், மாலை போட்ட ஒரே ஊசியில் நின்றது. இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தாலும் பாதிக்கும் குறைவான ஊசிதான் பிடிக்கும், அதனால் ஒரு ஊசியை வைத்து முறையைப் பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது. கொழுத்த மாடு இரண்டாவது ஊசியில், ஒன்பதாம் மாதம். மெலிந்த மாட்டுக்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. தீவனம் கூட்டி இரண்டு மாதம் வரை ஒன்றும் நடக்கவில்லை, விலா மறைய ஆரம்பித்த பிறகே முதல் பருவம் வந்தது, பதினோராம் மாதம் சினை.

ஆனால் பள்ளத்தைத் தாண்டாமல் முடியவில்லை. ஒன்பதாம் மாதம் முதலில் சினையான மாட்டை வற்றவிட்டார்கள். அது ஈனும்வரை மற்ற மூன்றும் சேர்ந்து 14 லிட்டர். தீவனத்துக்கே சரி. கணவர் திரும்ப வண்டி ஓட்டப் போனார், மனைவியும் பாட்டியும் தொழுவத்தைப் பார்த்தார்கள். முதலில் சினையான அந்த மாட்டை வற்றவிட வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டு இன்னும் கறக்கலாமா என்று மனைவி கேட்டிருந்தார். கறந்திருந்தால் சில லிட்டர் கிடைத்திருக்கும், அடுத்த ஈத்துப் பால் அடிவாங்கியிருக்கும். 60 நாள் வற்றும் காலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மடி முழுக்கக் கறந்து, மருத்துவர் கொடுத்த மருந்தைக் காம்பில் ஏற்றி நிறுத்தினார்கள்.

பதினோராம் மாதம் அந்த மாடு ஈன்றது, கிடாரிக் கன்று. பதினேழு, பதினெட்டு, இருபது என்று மற்றவை ஈன்றன. மெலிந்திருந்த மாட்டுக்கு இந்த முறை ஈன்ற நாளிலிருந்தே படிப்படியாகத் தீவனம் ஏற்றினார்கள், அதே மாடு கண்ணுக்குத் தெரிந்து இளைக்கவில்லை. இருபத்தொன்றாம் மாதம், ஒரு மாடு வற்றிய நிலையிலும் மூன்று மாட்டில் 40 லிட்டர். நாலு மாட்டுச் செலவும் தவணையும் போக நாளுக்குப் பத்து, பதினோரு லிட்டர் நின்றது.

இதைப் பார்த்து வெற்றிக் கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 40 என்பது மூன்றும் புதிதாக ஈன்ற நேரத்துப் பால், மறுபடி இறங்கும். இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று பேரின் உழைப்புக்கு மிகக் குறைந்த கூலி போட்டாலும் பண்ணை நஷ்டம். கடன் அடையும்வரை இந்த அளவு பண்ணை ஒரு குடும்பத்துக்கு முழு வருமானம் அல்ல, பாதி வருமானம். கணவர் இன்றும் வாரத்தில் நாலு நாள் வண்டி ஓட்டுகிறார்.

அடுத்த முறை என்றால்

ஐந்தையும் ஒரே தடவை வாங்க மாட்டார்கள். முதலில் இரண்டு மாடு, மூன்று-நாலு மாதம் கழித்து இன்னும் இரண்டு, அப்புறம் ஒன்று. முதல் இரண்டில் ஒன்று ஈன்றது, இன்னொன்று ஏழு மாதச் சினை என்று இருந்தால் இன்னும் நல்லது. பால் எப்போதும் 70-க்குப் போகாது, 14-க்கும் இறங்காது. முதல் இரண்டு மாட்டைச் சினை பிடிக்கவைக்கத் தெரிந்த பிறகுதான் மூன்றாவது வாங்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்கள் இதை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆரம்பத்திலேயே தவணை கட்டப் பால் வேண்டாமா என்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். கடன் எடுக்கும்போதே தவணையை மாட்டோடு சேர்த்துப் பிரித்து வாங்க முடிந்தால் மட்டுமே என் யோசனை நடக்கும்.

நாலு மாதத் தீவனப் பணம் தனியாக இருக்க வேண்டும். இவர்கள் கணக்கில் அது சுமார் 2,500 லிட்டர், ஒரு மாட்டின் விலையைவிட அதிகம். அதற்காக ஒரு மாடு குறைவாக வாங்க நேர்ந்தாலும் சரி.

வாங்கும்போது தொடர்ந்து மூன்று வேளை எதிரில் கறந்து பார்ப்பது, ஏனென்றால் ஒரு வேளை கறக்காமல் மடியை நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்துவது எங்கும் நடப்பது. அதோடு நஞ்சுக்கொடி, கருச்சிதைவு பற்றிக் கேட்பது, வாலைத் தூக்கி ஒழுக்கைப் பார்ப்பது, சினை என்று சொல்லி விற்றால் மருத்துவர் கைவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது.

பயிற்சியைப் பொறுத்தவரை, வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு பத்து மாடாவது இருக்கும் ஒரு பண்ணையில் குறைந்தது 21 நாள் தங்கி வேலை செய்ய வேண்டும். 21 நாளில் அங்கே காலியாக இருக்கும் ஒவ்வொரு மாடும் ஒரு தரம் பருவத்துக்கு வந்து போகும், ஒன்றிரண்டையாவது கண்ணால் பார்த்துவிடலாம்.

தீராமல் இருப்பது கிடாரிக் கன்றுகள் பற்றிய முடிவு. இப்போது மூன்று இருக்கின்றன. வளர்த்தால் முதல் ஈத்துக்கு வர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை வரவில்லாமல் தின்னும். விற்றால் இன்றைக்குத் தவணைக்கு உதவும், ஆனால் நாலு வருடம் கழித்து மாட்டுக்கு மாற்று வாங்க மறுபடி சந்தைக்குத்தான் போக வேண்டும். மனைவி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார், கணவர் மூன்றையும் என்கிறார். மெலிந்த மாட்டின் கன்றை விற்கக் கூடாது என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போகிறார்கள், மீதி இரண்டை மழைக்கால முடிவில் புல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதாக விட்டிருக்கிறார்கள்.